சாவியைச் சொல்ல மறந்த ஆயா: குரல்பதிவை வைத்து ஒரு சிறுகதை எழுதும் முறை

பேரனுக்குக் குரல்பதிவு அனுப்பும் ஆயா, எல்லாவற்றையும் பேசிவிட்டு முக்கியமானதை மட்டும் சொல்லாமல் விடுகிறாள். கேட்டதும் கதை கையில் வந்துவிட்டது போல் தோன்றும். எழுத உட்கார்ந்தால் இரண்டாவது பக்கத்திலேயே நின்றுவிடும். மறதியை வயதின் மேல் போட்டுவிட்டு, ஆயாவை அழகாகப் பேசவிட்டு, முடிவில் கண்ணீர் வரவழைக்கப் பார்ப்பதுதான் காரணம். தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கதையை நிறுத்தி, தொடக்கம் முதல் கடைசி வரி வரை எப்படிக் கட்டுவது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: மறக்க வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான். ஆயாவின் குணம், வீடு, பேச்சு எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கும். நோய், சொத்து, பழைய குடும்ப ரகசியம் போன்றவற்றைத் தொடாதீர்கள். அவ்வளவு பெரியதை ஒருத்தி மறந்தாள் என்றால் வாசகர் நம்பமாட்டார். மறைத்தாள் என்றுதான் எண்ணுவார். அது வேறு கதை.

மறக்கப்படுவது சிறியதாக இருக்கட்டும். அதற்கு ஒரு நேரக்கெடு இருக்கட்டும். அது அவளுக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். நம் கதைக்கு நான் எடுத்துக்கொள்வது வீட்டுச் சாவி. ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் பேரன் இன்றிரவு ஊருக்கு வருகிறான். ஆயா வீட்டில் இருக்கமாட்டாள். சாவியை எங்கே வைத்திருக்கிறாள் என்பதை அவனுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

சாவியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஆயா நினைவு வைத்துச் சொல்லப்போகும் மற்ற எல்லாமே கதவுக்கு உள்ளே இருப்பவை. களி இந்தச் சட்டியில், கடைசல் அந்த உறியில், தண்ணீர் இந்தப் பானையில் என்று அவள் எவ்வளவு அக்கறையாகச் சொல்கிறாளோ, அவ்வளவுக்கு அந்தப் பூட்டிய கதவு வாசகர் மனத்தில் பெரிதாகும். சொல்லப்படுபவை எல்லாம் சொல்லப்படாத ஒன்றைச் சார்ந்திருக்க வேண்டும். நீங்கள் வேறு எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒரு சோதனையை வைத்துப் பாருங்கள்.

படி 2: "ஒரு போன் செய்தால் போதுமே" என்ற கேள்வியை அடைப்பது

கைப்பேசி வரும் எந்தக் கதையிலும் வாசகர் கேட்கும் முதல் கேள்வி இது. பேட்டரி தீர்ந்தது, சிக்னல் இல்லை என்று எழுதினால் கதை அங்கேயே நொண்டும். அவை எழுதுபவரின் வசதிக்காக வந்தவை என்று யாருக்கும் தெரியும். காரணம் ஊரிலிருந்து வர வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதம் நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. கடைசி இரவு பதினெட்டாம் போர். விடிய விடிய ஆடுவார்கள். விடிந்ததும் படுகளம்: திறந்தவெளியில் மண்ணால் செய்து கிடத்திய பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் போர் நடக்கும், பீமன் தொடையில் அடிப்பான், பாஞ்சாலி தன் கூந்தலை முடிவாள். அந்த இரவு வீட்டில் யாரும் இருப்பதில்லை.

இப்போது எல்லாம் தானாகப் பொருந்துகிறது. ஆயா வேறொரு ஊரில் நடக்கும் கூத்துக்குப் போகிறாள், அதனால் வீடு பூட்டியிருக்கிறது. அவளுக்குச் சொந்தமாகப் போன் கிடையாது. பேசுவது பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில். அந்தப் பெண்ணும் கூத்துக்குத்தான் போகிறாள். மத்தளமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து முழங்கும் இடத்தில் பைக்குள் இருக்கும் போன் அடித்தால் யாருக்குக் கேட்கும்? அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்றால் தெருவே அங்கேதான் இருக்கிறது. வழக்கமான இடத்தை மாற்றியதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. வெளியே போனால் வாசல் நிலைக்கு மேலே சாவி இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். ஊரே காலியாக இருக்கும் இரவில் அங்கே வைக்க ஆயாவுக்கு மனம் வரவில்லை.

பேரன் ஏன் நேராகக் கூத்து நடக்கும் ஊருக்குப் போகவில்லை என்று ஒருவர் கேட்கலாம். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வழியாகப் பாலக்கோடு வந்து, அங்கே கடைசி டவுன் பஸ்ஸைப் பிடித்து இறங்குகிறவனுக்குத் திரும்பிப் போக பஸ் இல்லை. இதற்கு ஒரு வாக்கியம் போதும்.

படி 3: வாசகருக்கு முதலிலேயே சொல்லிவிடுவது

இந்தக் கதையில் தவறும் இடம் பெரும்பாலும் இதுதான். மறந்த விஷயம் என்ன என்பதைக் கடைசிவரை ஒளித்துவைத்து, முடிவில் திடுக்கிடச் செய்யலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் ஆயாவின் பேச்சு முழுவதையும் வாசகர் என்ன நடக்கிறது என்று தெரியாமலே கடந்து போவார். களியும் கடைசலும் அவருக்கு வெறும் வருணனை.

மாறாக, அவள் பேசத் தொடங்கும் முன்பே வாசகருக்குத் தெரிந்துவிட்டால், ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் "இப்போதாவது சொல்வாளா" என்று அவர் காத்திருப்பார். பேச்சு எவ்வளவு திசை மாறினாலும் கதை தளராது. எனவே கதையின் தொடக்கம் இப்படி இருக்கலாம்:

"சாவியை நிலைக்கு மேல் வைக்கக் கூடாது என்று ஆயா மத்தியானமே முடிவு செய்துவிட்டாள். ஊரெல்லாம் அறிந்த இடம். வாசலில் கிடக்கும் பழைய உரலின் குழிக்குள் போட்டு மேலே தகரத் தட்டைக் கவிழ்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பையனுக்கு மட்டும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வரட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்."

ஐந்தே வாக்கியங்கள். முடிச்சு, இடம், ஆயாவின் கெட்டிக்காரத்தனம் மூன்றும் வந்துவிட்டன. கெட்டிக்காரத்தனம் வர வேண்டியது முக்கியம். அவள் யோசித்து, திட்டமிட்டுச் செய்கிறவள் என்று காட்டிவிட்டால் பின்னால் வரும் மறதியை யாரும் முதுமைத் தளர்ச்சி என்று எண்ணமாட்டார்கள்.

படி 4: மறதிக்குக் காரணம் கொடுப்பது

கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மனிதர்கள் சொல்ல வேண்டியதை மறப்பது பலமுறை ஒரே விதமாகத்தான் நடக்கிறது: சொல்ல நினைத்த காரியத்தைச் செய்து முடித்துவிடுகிறார்கள். செய்த திருப்தி, சொன்ன திருப்தியாக மாறிவிடுகிறது. கடிதத்தை எழுதி உறையில் போட்டு ஒட்டி மேசை மேல் வைத்தவர், அனுப்பிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.

ஆகவே, ஆயா பேசிக்கொண்டிருக்கும்போதே சாவியை உரலில் போடட்டும். அந்த வேலைக்கு அவளைத் தள்ளும் சிறு தூண்டுதல் ஒன்று வேண்டும். உரல் குழியில் வழக்கமாக முட்டையிடும் கோழி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை விரட்டுகிறாள், கையோடு சாவியைப் போடுகிறாள், தட்டைக் கவிழ்க்கிறாள். "அது ஆயிற்று" என்கிறாள். அந்த ஒரு சொல்லில் சாவி அவள் மனத்திலிருந்து இறங்கிவிடுகிறது.

இங்கே இன்னொரு வழியும் உங்களுக்குத் தோன்றக்கூடும். முதல் தடவை பேசும்போது விரலை எடுத்துவிடுகிறாள், "கண்ணு, சாவி" என்ற அளவில் பதிவு பாதியாகப் போய்விடுகிறது, பெண் அதை அழித்துவிட்டு மறுபடி பேசச் சொல்கிறாள், சொல்லியாயிற்று என்று ஆயா நினைத்துக்கொள்கிறாள். சாமர்த்தியமான யோசனைதான். ஆனாலும் நான் விட்டுவிடுவேன். தவறு போனுடையதாகிவிடுகிறது. மறதிக்கு இரண்டு காரணம் இருந்தால் இரண்டுமே பலவீனமாகும்.

போனைப் பற்றிய விவரம் சரியாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் மைக் பட்டனை அழுத்திப் பிடித்துப் பேச வேண்டும். விரலை எடுத்தால் பதிவு அனுப்பப்பட்டுவிடும். மேலே தள்ளிப் பூட்டிவிட்டால் விரலை எடுத்தாலும் பதிவு தொடரும். நம் கதைக்குப் பூட்டுவதுதான் பொருந்தும். அந்தப் பெண் பூட்டிவிட்டுப் போனை நீட்டிப் பிடித்தபடி ஆயாவின் பின்னாலேயே நடக்கிறாள். அப்போதுதான் ஆயாவின் இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கும், வாசலில் நடப்பதெல்லாம் பதிவில் விழும்.

படி 5: பேச்சை எழுதுவது

இனி ஆயாவைப் பேசவிடலாம். இந்தப் பகுதியை ஒரே மூச்சில் எழுதுங்கள், பிறகு ஒவ்வொரு வாக்கியமாகச் சரிபாருங்கள்.

"கண்ணு, ஆயா பேசுகிறேன். கேட்கிறதா? என்ன பாப்பா, பதிலே பேசமாட்டேன் என்கிறான். பிறகுதான் கேட்பானா? சரி. கண்ணு, களி கிண்டி உருண்டை பிடித்து மண்சட்டியில் வைத்திருக்கிறேன். கொள்ளுக் கடைசல் உறியில் இருக்கிறது. கீழே வைத்தால் அந்தப் பூனை விடாது. போன வாரம் மோர்ச் சட்டியையே உருட்டிவிட்டது. தண்ணீரைப் பானையிலிருந்து மொண்டு குடி. காலையில் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது, பிடித்து வைத்திருக்கிறேன். வெளிக்குழாயில் வருவது போர்வெல் தண்ணீர், அதைத் தொடாதே. உன் தாத்தா அதைக் குடித்துக் குடித்துத்தான் முதுகு நிமிராமல் போனார். உன்னைத் தூக்கி மாமரக் கிளையில் உட்காரவைக்க வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை. குனிந்தபடியே நிற்பார், நீ அவர் முதுகில் ஏறிக் கிளையைப் பிடித்துக்கொள்வாய். அந்த மரம் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது. கண்ணு, இன்னொன்று, கதவு... போ, போ, உனக்கு இங்கே என்ன வேலை? பொழுது சாயும் நேரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு. போ என்றால்! ...ம். அது ஆயிற்று. என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? மாமரம். நாலு காய் பழுத்திருக்கிறது, அரிசிப் பானைக்குள் இருக்கிறது, எடுத்துத் தின்னு. இன்றைக்குப் பதினெட்டாம் போர் கண்ணு. பாஞ்சாலி கூந்தல் முடிவதைப் பார்க்காமல் நான் வரமாட்டேன். நீ சாப்பிட்டுவிட்டுப் படு. விசிறி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பாப்பா போதும் என்கிறது. வைக்கட்டுமா?"

இதில் எந்த வாக்கியமும் சும்மா வரவில்லை என்பதைக் கவனியுங்கள். உறி பூனையை அழைக்கிறது. சாப்பாடு தண்ணீரை அழைக்கிறது, தண்ணீர் தாத்தாவின் முதுகை, முதுகு மாமரத்தை. திசை மாறும் பேச்சு என்றால் தொடர்பில்லாமல் தாவுவது என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் தொடர்பு மிக நெருக்கமாக இருப்பதால்தான் பேச்சு ஓடிப்போகிறது. ஒவ்வொரு சொல்லும் அடுத்ததைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டும்.

தண்ணீர்ப் பேச்சு இந்த மண்ணுக்கே உரியது. இம்மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். சிறுவயது முதல் ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும். பாதிப்பு முற்றினால் மூட்டும் முதுகெலும்பும் இறுகிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டதே இதற்காகத்தான். ஆனால் கதையில் ஃப்ளோரைடு என்ற சொல்லே வேண்டாம். ஆயாவுக்குத் தெரிந்தது அவள் கணவனின் முதுகு. குனிந்த முதுகில் ஏறி ஒரு குழந்தை கிளையைப் பிடித்த காட்சியில் வாசகர் நோயையும் பார்ப்பார், தாத்தாவையும் பார்ப்பார்.

"கண்ணு, இன்னொன்று, கதவு..." என்ற இடத்தை எங்கே வைப்பது? பேச்சின் மூன்றில் இரண்டு பங்கு முடிந்த இடத்தில். கடைசியில் வைத்தால் வாசகர் அதைத் திருப்பமாக எடுத்துக்கொள்வார். நடுவில் வைத்துவிட்டு அவளை மேலும் பேசவிட்டால்தான், திரும்பி வந்துவிடமாட்டாளா என்ற தவிப்பு மிஞ்சும். "என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?" என்று அவளே கேட்டுக்கொண்டு தவறான இடத்துக்குத் திரும்புவதும் அதனால்தான். "முக்கியமானதையெல்லாம் சொல்லிவிட்டேன்" என்று மட்டும் அவள் வாயில் ஒரு வரி வைத்துவிடாதீர்கள். அது வாசகரின் விலாவில் இடிப்பது.

பேச்சுமொழி பற்றி ஒன்று. வட்டார வழக்கை அப்படியே எழுத்தில் கொண்டுவரத் தெரிந்தவர்கள் கொண்டுவரலாம். தெரியாதவர்கள் சொற்களைச் சிதைத்து எழுதினால் வழக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். "கண்ணு", "பாப்பா" என்ற விளிகள், குட்டை வாக்கியங்கள், தானே கேட்டுத் தானே பதில் சொல்வது, பெண்ணிடமும் பேரனிடமும் மாறி மாறிப் பேசுவது ஆகியவை இருந்தால் எழுத்துத் தமிழிலேயே அவள் குரல் கேட்கும். அந்தப் பெண் என்ன பதில் சொன்னாள் என்று எழுத வேண்டியதில்லை. ஆயாவின் வார்த்தைகளிலேயே அது தெரிகிறது.

படி 6: அதே பதிவை இரண்டாம் முறை கேட்கவைப்பது

குரல்பதிவுக்கும் தொலைபேசி அழைப்புக்கும் உள்ள வேறுபாடு கதைக்குப் பயன்பட வேண்டும். பதிவைத் திரும்பக் கேட்கலாம். பேசியவர் கவனிக்காத ஒலிகளும் அதில் இருக்கும். இதைப் பயன்படுத்தாவிட்டால் கதை கடிதத்தை வைத்தே எழுதக்கூடியதாகிவிடும்.

பேரன் முதலில் பஸ்ஸில் கேட்கிறான். ராயக்கோட்டை தாண்டி இன்ஜின் இரைச்சல், ஜன்னலோரக் காற்று. நீளமான பதிவு என்பதால் இரட்டை வேகத்தில் ஓடவிடுகிறான். களி, கடைசல், கோழி, கூத்து எல்லாம் மூச்சுவிடாமல் கடந்துபோகின்றன. சிரித்துக்கொள்கிறான். வேகமாக ஓடவிட்டதில் அவன் மேல் குற்றமில்லை, வேலை முடிந்து வருகிறவன். அவனை அலட்சியக்காரனாகக் காட்டும் ஒரு சொல்லும் வேண்டாம்.

வீட்டு வாசல். நிலைக்கு மேல் கையை நீட்டித் துழாவுகிறான், தூசி. சன்னல் கட்டை, திண்ணை மூலை, செருப்புக்கு அடியில் என்று தேடுகிறான். பெண்ணின் எண்ணுக்கு அழைக்கிறான், அடித்து ஓய்கிறது. பிறகு திண்ணையில் உட்கார்ந்து பதிவை மறுபடி, இந்த முறை சாதாரண வேகத்தில் கேட்கிறான். சாவி பற்றி எங்காவது சொல்லியிருப்பாள் என்ற நம்பிக்கையில்.

"கதவு" என்ற சொல் வருகிறது. நிமிர்ந்து உட்காருகிறான். கோழியை விரட்டுகிறாள். அடுத்து அவள் பேசாத ஓரிரு நொடிகள். அந்த இடைவெளியில் கல்லில் இரும்பு விழும் சத்தம். ஒரு தகரம் உரசும் சத்தம். "அது ஆயிற்று."

அவன் கண்டுபிடிக்கும் விதத்தை விளக்காதீர்கள். கோழி எங்கே முட்டையிடும் என்பது அந்த வீட்டில் வளர்ந்தவனுக்குத் தெரியும். பின்னோக்கித் தள்ளி அந்த இரண்டு நொடியை இன்னொரு முறை கேட்கிறான், எழுந்து உரலுக்குப் போகிறான் என்று எழுதினால் போதும். இந்தப் பகுதி எடுபடுகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: முதல் பத்தியை மட்டும் படித்த ஒருவரிடம் இந்தப் பகுதியைக் கொடுங்கள். கல்லில் இரும்பு விழுந்த உடனே அவர் முகம் மாறினால் உரல் சரியான இடத்தில் இருக்கிறது. "எப்படித் தெரிந்தது?" என்று கேட்டால், தொடக்கத்தில் உரலை இன்னும் சற்று அழுத்திக் காட்ட வேண்டும்.

படி 7: முடிவு

மூன்று முடிவுகள் வரிசையில் நிற்கும். அவன் விடியும்வரை திண்ணையிலேயே கிடப்பது ஒன்று. ஆனால் சத்தத்தைப் பதிவில் விழவைத்த பிறகு அதை வீணாக்குவது வாசகருக்குச் செய்யும் துரோகம். உரலுக்குள் கையை விடுவதோடு நிறுத்துவது இன்னொன்று. மோசமில்லை, ஆனால் அப்போது கதை அவனுடையதாகிவிடுகிறது. மறந்தவள் ஆயா, கதை அவளிடம் திரும்ப வேண்டும்.

அதனால் நான் எழுதுவது மூன்றாவது. அவன் சாப்பிட்டுவிட்டு ஒரு சின்னக் குரல்பதிவு அனுப்புகிறான்: "ஆயா, களி தின்றேன். பழம் நன்றாக இருந்தது." சாவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. குறை சொல்வதாகிவிடும் என்று அவன் விட்டுவிட்டான். அதையும் நாம் விளக்குவதில்லை. விடியற்காலையில் படுகளம். பாஞ்சாலி விரித்த கூந்தலைக் கையில் அள்ளுகிறாள். கூட்டம் எழுந்து நிற்கிறது. ஆயாவுக்கு அப்போதுதான் உறைக்கிறது. அவளுடைய கை தன்னை அறியாமல் இடுப்பைத் தொடுகிறது, வீட்டில் இருக்கும்போது சாவி செருகியிருக்கும் இடம். பாஞ்சாலி இத்தனை ஆண்டுகள் ஒன்றை மறக்காதிருந்தவள் என்று எழுதிக்காட்டாதீர்கள். கூத்துப் பார்த்து வளர்ந்த வாசகர் தாமே அங்கே போய்ச் சேர்வார்.

ஆயா பதறுகிறாள். பெண் போனை எடுத்துப் பேரனின் பதிவைப் போட்டுக் காட்டுகிறாள். ஆயா கேட்கிறாள், இன்னொரு முறை போடச் சொல்கிறாள். பிறகு கதையின் கடைசி வரி, அவள் கேட்கும் கேள்வி: "கதவை எப்படித் திறந்தான்?"

படி 8: அளவு பார்த்தல்

எழுதி முடித்ததும் ஆயாவின் பேச்சை வாய்விட்டு, கடிகாரத்தை வைத்துப் படியுங்கள். எத்தனை நிமிடம் வருகிறதோ அதைத்தான் பேரனின் திரையில் பதிவின் நீளமாகக் காட்ட வேண்டும். பேச்சு ஒரு பக்கம், திரையில் பன்னிரண்டு நிமிடம் என்றிருந்தால் கவனமுள்ள வாசகர் பிடித்துவிடுவார். இரட்டை வேகத்தில் பஸ் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதையும் அதே கணக்கில் பாருங்கள்.

கதை ஆறேழு பக்கத்துக்கு மேல் போனால் வெட்ட வேண்டியது பேரன் சாவி தேடும் பகுதியை. இரண்டு இடங்களில் தேடினால் போதும். ஆயாவின் பேச்சில் வெட்டுவதாக இருந்தால் பூனையை எடுத்துவிடலாம். கோழியைத் தொடாதீர்கள்.